ஸ்கேன் பண்ணா என்ன வரும்?

ஒரகடத்தில் ஒரு உதிரிபாக ஃபேக்டரியில் ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணேன். ரிப்போர்ட்டில் லைன் பேலன்சிங், சைக்கிள் டைம்னு என்னென்னவோ எழுதியிருக்கேன். ஆனா அங்கே நான் உருப்படியா செஞ்சது ஒரு ஸ்டிக்கரில் அஞ்சு வரி எழுதினதுதான். அதுவும் தமிழில். ஸ்கூல்ல தமிழை மார்க்குக்காக மட்டுமே படிச்ச ஆள் நான், அதனால சிரிச்சுக்கோங்க.

கேண்டீன் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் இருந்தது. நடுவில் க்யூஆர் கோடு. மேலே இங்கிலீஷில் 'ஸ்கேன் மீ', கீழே 'யுவர் வாய்ஸ் மேட்டர்ஸ்', பக்கத்தில் சிரிக்கிற ஒரு பொண்ணோட படம். ஸ்கேன் பண்ணா கம்பெனி பஸ் பத்தின ஒரு ஃபார்ம் திறக்கும். நான் சேர்ந்தப்போ அந்தப் போஸ்டர் ஒட்டி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஃபார்முக்கு வந்த பதில் மூணு. அதில் ரெண்டு எச்.ஆர். டீமே டெஸ்ட் பண்ணது. மீதி ஒண்ணில் 'ஹாய்'னு இருந்தது.

எச்.ஆர். சார் இதை எப்படிப் படிச்சார் தெரியுமா? "பஸ்ல ஒரு பிரச்சினையும் இல்லப்பா. இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

ஆனா பிரச்சினை இருந்தது. நானும் சில நாள் செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பஸ்ஸில்தான் வருவேன். ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டில், ஹாஸ்டலுக்குத் திரும்பற வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பஸ் நிக்கும். பதினோரு மணிக்கு மேல, லைட் இல்லாத ரோட்டோரமா, கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் உரசுற மாதிரி போக, ஆறேழு பொண்ணுங்க இறங்கி நடப்பாங்க. பக்கத்து சீட் அக்காகிட்ட "கேண்டீன் போஸ்டர்ல சொல்லலாமே அக்கா"ன்னேன். "அது என்னன்னே தெரியாது தம்பி. ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரம்னு நெனச்சேன். அதோட, போன்தான் லாக்கர்ல இருக்குமே"ன்னாங்க.

அந்த ரெண்டாவது வாக்கியத்தில் எனக்கு வெட்கமாப் போச்சு. இந்தப் பக்கம் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், நிறைய ப்ளான்ட்டில் லைன் ஆட்கள் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. ஸ்டாஃபா இருந்தா கேட்டிலேயே செக்யூரிட்டி கேமரா மேல ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டிடுவார். கேமராவே இல்லாத இடத்தில் ஸ்கேன் கோடு! அதனால முதல் முடிவு சுலபமா கிடைச்சது: இது பஸ்ஸுக்குள்ள, முன் சீட்டு முதுகில் இருக்கணும்.

இடம் மாறினா போதும்னு நெனச்சேன். போதலை. ஏன்னு புரியணும்னா இந்தக் கோடு எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் பார்க்கணும். 1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவோட குழு இதை உருவாக்கினது கார் உதிரிபாகங்களுக்காக. பார்கோடில் கொஞ்சம் எழுத்துதான் அடங்கும், அதனால ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஒவ்வொண்ணா படிக்க வேண்டியிருந்தது. அந்த அலுப்பு தீரத்தான் இந்தச் சதுரம். இன்னைக்கும் ஒரகடத்தில் எந்த ஸ்டோர்ஸுக்குள் போனாலும் பெட்டிக்குப் பெட்டி அது இருக்கும், எந்தப் பெட்டியிலும் 'ஸ்கேன் மீ'ன்னு எழுதியிருக்காது. துப்பாக்கி மாதிரி ஸ்கேனரைப் பிடிச்சிருக்கிறவருக்கு என்ன வரும்னு முன்னாடியே தெரியும்: பார்ட் நம்பர், எண்ணிக்கை. டீக்கடையிலும் அதே கதைதான். கடைக்காரர் ஒண்ணும் சொல்ல வேண்டாம், வரப்போறது அவர் பேரும் தொகை போடற பெட்டியும்னு எல்லாருக்கும் தெரியும்.

பஸ் சீட்டில் இருக்கிற கோடுக்கு அந்த வசதி கிடையாது. மனுஷக் கண்ணுக்கு எல்லாக் கோடும் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிக் கூட்டம்தான். பக்கத்தில் இருக்கிற எழுத்துதான் வித்தியாசம் சொல்லணும். 'ஸ்கேன் மீ' கையை என்ன செய்யணும்னு சொல்லுதே தவிர, செஞ்சா என்ன கிடைக்கும்னு சொல்லலை.

சரின்னு என் முதல் தமிழ் வரியை எழுதினேன்: 'உங்கள் மதிப்புமிக்க கருத்துகளைப் பகிர இங்கே ஸ்கேன் செய்யவும்.' இங்கிலீஷ் போஸ்டரையே வேட்டி கட்டி நிக்க வெச்ச மாதிரி இருந்தது, ஆனா அப்போ எனக்குத் தெரியலை. அந்த அக்காகிட்ட காட்டினேன். "கருத்து சொல்ற அளவுக்கு நாம யாரு தம்பி?"ன்னு சிரிச்சாங்க. கருத்துன்னா டிவியில் பெரிய மனுஷங்க சொல்றது. அப்போ 'குறை'ன்னு போடலாமான்னு கேட்டேன். முகம் மாறிடுச்சு. "குறை சொன்னா யார் சொன்னான்னு கேப்பாங்கல்ல?"

அப்புறம்தான் ரெண்டு வார்த்தையையும் விட்டுட்டு, பஸ்ஸில் அவங்க ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிற கேள்வியையே போட்டேன்: 'இந்த பஸ் ராத்திரி எங்க நிக்கணும்?' படிச்ச உடனே அவங்க பதிலே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, "வளைவு தாண்டி, மெடிக்கல் ஷாப் முன்னாடி"ன்னு.

அடுத்து பயங்கள். பஸ்ஸில் ரெண்டு மூணு பேருக்கு ட்ரையல் காட்டினப்போ பாதிப் பேர் நேரா பணம் அனுப்பற ஆப்பைத் திறந்தாங்க. ஸ்கேன்னா அவங்களுக்கு அதுதான். அந்த ஆப் இது செல்லாத கோடுன்னு சொன்னதும் "போலி போல"ன்னு போனை உள்ளே வெச்சுட்டாங்க. அதனால 'போன் கேமராவைத் திறந்து காட்டுங்க'ன்னு ஒரு வரி. 'பணம் கேட்காது'ன்னு இன்னொரு வரி. இது சும்மா பயமும் கிடையாது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் பார்க்கிங் கட்டண மெஷின்கள் மேல யாரோ போலிக் கோடு ஸ்டிக்கர் ஒட்டி, பணத்தை வேற பக்கம் திருப்பியிருக்காங்க. நம்ம ஸ்டிக்கர் மேலயும் ஒருத்தர் இன்னொண்ணு ஒட்டலாம். பக்கத்தில் 'பணம் கேட்காது'ன்னு இருந்தா, கேட்கிற அந்த நொடியே திருட்டுன்னு தெரிஞ்சிடும்.

பெரிய பயம் பேர். 'நீங்க யார்னு யாருக்கும் தெரியாது'ன்னு எழுதிட்டு, பெருமையா ஃபார்மைத் திறந்து பார்த்தேன். முதல் ஸ்க்ரீனே ஜிமெயிலில் லாகின் பண்ணச் சொல்லுச்சு. ஒருத்தரே பத்துத் தடவை அனுப்பிடக் கூடாதுன்னு யாரோ `Limit to 1 response` ஆன் பண்ணியிருந்தாங்க. அது ஆன்ல இருந்தா லாகின் கட்டாயம். அதனால மட்டும் ஈமெயில் முகவரி எச்.ஆருக்குப் போகாது, அது தனி செட்டிங். ஆனா பதினோரு மணி பஸ்ஸில் இருக்கிறவங்களுக்கு நான் அந்த விளக்கத்தைக் கொடுக்க முடியுமா? லாகின் கேட்டா பேர் கேட்ட மாதிரிதான். அதுக்கும் கீழே எம்ப்ளாயி நம்பர்னு ஒரு கட்டாயக் கேள்வி வேற. ஒரு வரி எழுதப் போய் எச்.ஆர். சாரோட ஒரு மணி நேரம் வாதாட வேண்டியதாச்சு. "டூப்ளிகேட் வந்தா?"ன்னார். "வரட்டும் சார், இப்போ ஒண்ணுமே வரலையே"ன்னேன். ரெண்டையும் எடுத்தார்.

எடுத்த பிறகும் என் வரி பொய்தான். யோசிச்சுப் பாருங்க. அந்த நிறுத்தத்தில் இறங்கறது ஆறேழு பேர். 'ஹாஸ்டல் வளைவில் நிறுத்துங்க'ன்னு பதில் வந்தா, பேரே இல்லாம அந்த ஆறேழு பேரில் ஒருத்தர்னு யாரும் சொல்லிடலாம். அதனால 'யார்னு தெரியாது'ன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. 'பேர், நம்பர் கேட்க மாட்டோம்'னு கொடுக்கலாம், அது உண்மை. முதல் வரியைவிட இது கொஞ்சம் சின்னதா தெரிஞ்சது. அக்காகிட்ட வித்தியாசத்தைச் சொன்னேன். "நாங்க எல்லாரும் சேர்ந்தே போட்டுடறோம், அப்போ யாருன்னு தேடுவாங்க?"ன்னாங்க. எனக்குத் தோணாத தீர்வு.

டெக்னிக்கலா ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், உங்க ஃபெஸ்ட் போஸ்டருக்கு உதவும். எந்த பஸ்னு கேட்கவே வேண்டியதில்லை. ஃபார்ம் லிங்கிலேயே பதிலை முன்கூட்டி நிரப்பி, பஸ்ஸுக்கு ஒரு கோடு அடிக்கலாம்:

```
https://docs.google.com/forms/d/e/FORM_ID/viewform?usp=pp_url&entry.1234567890=Route+7
```

ஆனா லிங்க் நீளமானா கோடில் புள்ளிகள் கூடி, ஒவ்வொண்ணும் சின்னதாகும். ஆடுற பஸ்ஸில், மங்கின லைட்டில் கேமரா திணறும். `bit.ly` மாதிரி ஒண்ணில் சுருக்கினேன், நல்லா படிச்சது. ஆனா கேமரா காட்டினதும் போனில் முதலில் தெரியறது அந்த முகவரிதானே. "இது என்ன, கம்பெனி பேரே இல்லையே"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயம். கடைசியில் ஐ.டி. அண்ணன்கிட்ட கெஞ்சி, கம்பெனி வெப்சைட் பேரிலேயே ஒரு குட்டி முகவரி வாங்கி, அதை அப்படியே கோடுக்குக் கீழேயும் அச்சடிச்சோம். ஸ்டிக்கரில் படிச்சதும் போனில் வர்றதும் ஒண்ணா இருந்தா பயமில்லாம அழுத்துவாங்க. சைஸ் அஞ்சு சென்டிமீட்டர், சீட்டு தூரத்துக்குத் தாராளம். கோடைச் சுத்தி நாலு புள்ளி அகலத்துக்கு வெள்ளை விடணும், எழுத்து அதைத் தொடக் கூடாது. டிசைனர் அந்த இடத்திலும் பூ போட்டிருந்தார்.

முடிவில் ஸ்டிக்கர் இப்படி நின்னது. கீழே இதையே ஹிந்தியிலும் போட்டோம், ஒடிசா, ஜார்கண்ட் பசங்களும் அதே பஸ்தான்.

இந்த பஸ் ராத்திரி எங்க நிக்கணும்?
2 கேள்வி. 1 நிமிஷம்.
பேர், நம்பர் கேட்க மாட்டோம். பணம் கேட்காது.
போன் கேமராவைத் திறந்து காட்டுங்க.
பதில் அடுத்த திங்கள் இதே சீட்டில் ஒட்டப்படும்.

கடைசி வரிக்குத்தான் எச்.ஆர். சார் ரொம்ப யோசிச்சார். தேதி போட்டா செஞ்சாகணுமே.

ஒட்டின பிறகு ரெண்டு எண்ணைத் தனித்தனியா பார்த்தேன்: எத்தனை பேர் அந்த முகவரியைத் திறந்தாங்க, எத்தனை பேர் ஃபார்மை அனுப்பினாங்க. திறக்கவே இல்லைன்னா தப்பு ஸ்டிக்கரில். திறந்துட்டு அனுப்பாம போனா, ஸ்டிக்கர் சொன்னதை ஃபார்ம் செய்யலைன்னு அர்த்தம். முதல் ரெண்டு நாள் திறந்தவங்களில் பாதிப் பேர் அனுப்பலை. பார்த்தா ஃபார்ம் தலைப்பு இன்னும் 'எம்ப்ளாயி ட்ரான்ஸ்போர்ட் ஃபீட்பேக்'னு இங்கிலீஷிலேயே இருந்தது. அதை எடுத்துட்டு ஸ்டிக்கரில் இருந்த அதே கேள்வியைத் தலைப்பா வெச்சேன். அதுக்கப்புறம் திறந்தவங்க பெரும்பாலும் அனுப்பினாங்க. ஏழாம் நம்பர் பஸ்ஸில் வந்த பதில்களில் முக்கால்வாசி ஒரே வார்த்தை: மெடிக்கல் ஷாப்.

பஸ் கான்ட்ராக்டர் அங்கே திருப்ப முடியாதுன்னார். மெடிக்கல் ஷாப்புக்குக் கொஞ்சம் முன்னாடி, லைட் இருக்கிற பெட்டிக்கடை வாசலில் நிறுத்த ஒத்துக்கிட்டார். திங்கள் அன்னைக்கு அதை அச்சடிச்சு சீட்டில் ஒட்டினோம். நிறுத்தம் மாறுனது அதுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான்.

இன்டர்ன்ஷிப் கடைசி நாள் பஸ்ஸில் அக்கா முன் சீட்டைக் காட்டி, "நிறுத்தம்தான் மாறிடுச்சே, இன்னும் எங்க நிக்கணும்னே கேக்குது பாரு"ன்னாங்க. புதுசா வந்த பொண்ணு ஒண்ணு அதை ஸ்கேன் பண்ணிட்டு இருந்தது. அடுத்து என்ன கேக்கலாம்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். "காலைல ஏன் லேட்டு"ன்னு அந்தப் பொண்ணு சட்டுனு சொல்லுச்சு. அதை எழுதி ஐ.டி. அண்ணனுக்கு அனுப்பிட்டு, பெட்டிக்கடை வாசலில் அவங்களோடயே இறங்கினேன்.