ஒரு அட்டை, முப்பது நாள்

பிபி மாத்திரை விலை பற்றி ஒரு இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. தப்பு என் பக்கமும் இருக்கு.

ஐம்பது வயசைத் தாண்டிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூணு மாசம் கழித்து வந்தப்ப பிபி 164/100. "மாத்திரை சரியா போடுறீங்களாண்ணா?" என்றேன். "போடுறேன் டாக்டர்." சரி, மருந்து போதலை போல என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்தேன். அடுத்த மாசம் 158/96.

அந்தத் தடவை அவர் மனைவியும் கூட வந்திருந்தார். "மாசம் ஒரு அட்டைதான் வாங்குறோம் டாக்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்குவாரு" என்று சாதாரணமாகச் சொன்னார். அட்டையில் 15 மாத்திரை. ஒன்றின் விலை 14 ரூபாய். தினமும் போட்டால் மாசம் 420 ரூபாய், அவரால் முடிந்தது 210. அதைப் புரிஞ்சுக்காம நான் இன்னொரு மாத்திரையை எழுதி செலவை ஏத்திவிட்டிருக்கேன். அதையும் அவர் பாதி பாதியாகத்தான் போட்டிருக்கார்.

"போடுறீங்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம்னுதான் சொல்வாங்க. "கடைசியா என்னிக்கு வாங்கினீங்க, எத்தனை அட்டை?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிஞ்சிருக்கும். இப்போ எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்.

மாத்திரையை விட்ட நாளில் பிபி ஏறினாலும் பெரும்பாலும் உடம்புக்கு ஒண்ணும் தெரியாது. தலைவலிக்காது, மயக்கம் வராது. அம்லோடிபினும் டெல்மிசார்டனும் உடம்பில் மெதுவாகத்தான் குறையும். அதனால் "ஒருநாள் விட்டுப் போட்டாலும் நல்லாத்தானே இருக்கேன்" என்று தோணும். உள்ளே ரத்தக்குழாயும் சிறுநீரகமும் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். அட்டெனலால், மெட்டோபிரலால் போடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அதைத் திடீர்னு நிறுத்தினால் பிபியும் நாடித்துடிப்பும் எகிறும்.

சரி, ஜெனரிக் விஷயத்துக்கு வருவோம். "கம்பெனி மாத்திரை ஒரிஜினல், ஜெனரிக் டூப்ளிகேட்" என்று பலர் நினைக்கிறாங்க. அம்லோடிபின், டெல்மிசார்டன் இரண்டுக்கும் காப்புரிமை முடிந்து பல வருஷம் ஆச்சு. நம்ம மெடிக்கலில் பெரிய பெயரோடு விற்கிறதும் பெரும்பாலும் ஜெனரிக்தான், மேலே ஒரு கம்பெனி பெயர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மக்கள் மருந்தகத்தில் (அதாவது ஜன் ஔஷதி) அதே மருந்து அந்தப் பெயர் இல்லாமல் கிடைக்கும். அந்தத் திட்டத்தில் வாங்கும் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்கு அனுப்புகிறார்கள். தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்களும் 2025 முதல் இருக்கு.

மாற்றும்போது தப்பு நடப்பது பெயரில்தான். அட்டையில் பெரிய எழுத்தை விடுங்க, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்க. பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் பொதுவாக அம்லோடிபின் சேர்ந்தது, 'ஹெச்' என்றால் சிறுநீர் போக வைக்கும் மருந்து சேர்ந்தது. இரண்டும் வேறு. எஸ்-அம்லோடிபின் 2.5 என்பது சாதாரண அம்லோடிபின் 5-க்குச் சமம், அளவு குறைஞ்சிடுச்சுன்னு ரெண்டு போட்டுடாதீங்க.

இன்னொரு அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா கொடுத்த அம்லோடிபினையும், வெளியே வாங்கின கம்பெனி மாத்திரையையும் வேற வேற மருந்துன்னு நினைச்சு சேர்த்துப் போட்டுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு காலும் வீங்கி வந்தாங்க. புது மாத்திரை வாங்கினால் பழைய அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்க. இலவசமா கிடைக்கிறது (மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருவதும் சேர்த்து) நீங்க போடுற அதே மருந்தாக இல்லாமல் போகலாம். அதுக்கு மாற முடியுமான்னு கேட்டுட்டு மாறுங்க.

அப்புறம், டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். அட்டையிலிருந்து மொத்தமா பிரிச்சு டப்பாவில் போட்டு வைக்காதீங்க, போடும்போது மட்டும் பிரிங்க.

ஆட்டோக்காரர் கதைக்கு வருவோம். நான் சேர்த்த மாத்திரையை எடுத்துவிட்டேன். முதலில் எழுதின அதே மருந்து, அதே அளவு, மக்கள் மருந்தகத்தில் வாங்கச் சொன்னேன். மாசச் செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மருந்து மாறினால் நாலு வாரத்தில் பிபி பார்க்கணும், அதுதான் அந்த மாத்திரை வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க வழி. வந்தார், பார்த்தோம். 134/84.

"இவ்ளோ கம்மி விலைன்னா கேக்குமான்னு பயந்தேன் டாக்டர்" என்றார். சட்டைப் பையில் இருந்து காலி அட்டை மூணையும் எடுத்து மேசை மேல் வைத்தார். பத்து பத்து மாத்திரை, முப்பதும் காலி.