உயரம் நுரைக்கு, சூட்டைக் குறைக்க டபரா

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த மெஸ். காலை 6 மணிக்கே காபி கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. எவர்சில்வர் தட்டில் டபரா செட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு பக்கம் பெரிய பித்தளை பில்டர், மறுபக்கம் அடங்கிய தீயில் பால் பாத்திரம். நடுவில் மாஸ்டர். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், காபி ஆற்றும்போது என்னதான் நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றேன். “பாருங்க சார், கை மட்டும் குறுக்க வராதீங்க” என்றார்.

ஒரு முழு காபிக்கு அவர் ஊற்றும் கணக்கு எளிது. டிகாக்‌ஷன் சுமார் 30 மில்லி, பால் 100 மில்லி. பால் கொதிநிலையை ஒட்டி 95 டிகிரியில் இருக்கிறது. இறங்கி நேரமான டிகாக்‌ஷன் 40 டிகிரிக்குத் தணிந்திருக்கிறது. இரண்டும் கலந்தால் 82 டிகிரி வரவேண்டும். ஆனால் டம்ளருக்குள் தெர்மாமீட்டரை விட்டதும் 78 காட்டியது. ஆற்றவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் 4 டிகிரி போய்விட்டது.

அதை எடுத்துக்கொண்டது டம்ளர்தான். 80 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளர் அறையின் 30 டிகிரியிலிருந்து காபியின் சூட்டுக்கு ஏறியாக வேண்டும். அதற்கான வெப்பம் காபியிலிருந்துதான் வரும். அடுத்து காபியை டபராவில் ஊற்றினார். டபரா 100 கிராம் இருக்கும். எஃகின் வெப்பக் கொள்ளளவு தண்ணீருடையதில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால், இந்த டபரா 12 மில்லி தண்ணீருக்குச் சமம். அதாவது குளிர்ந்த டபராவில் காபியை ஊற்றுவதும், 12 மில்லி பச்சைத் தண்ணீரைக் காபியில் கலப்பதும் சூட்டைப் பொறுத்தவரை ஒன்றுதான். காபி நீர்த்துப்போகாது என்பது மட்டும்தான் வித்தியாசம். மறுபடி தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 74 டிகிரி.

ஆக, முதல் ஊற்றலில் குறையும் சூட்டில் பெரும்பங்கு காற்றுக்குப் போகவில்லை, உலோகத்துக்குள் போகிறது. டபராவின் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் வைக்க முடியாமல் போவதும் இதனால்தான். ஆனால் இந்த உதவி ஒரு தடவைதான் கிடைக்கும். இரண்டும் சூடேறியபின் டம்ளரோ டபராவோ காபியிடமிருந்து பெரிதாக எதையும் வாங்கிக்கொள்வதில்லை. கழுவிய டம்ளரை வெந்நீரில் முக்கி எடுத்து உடனே வைக்கும் கடைகளில் காபி நாக்கைச் சுடுவதற்கும் இதுவே காரணம். அங்கே டம்ளர் ஏற்கனவே சூடாக இருப்பதால் அந்த 4 டிகிரி குறைவதே இல்லை.

அதற்குப் பிறகு வேலை ஆவியிடம் போகிறது. மாஸ்டர் டபராவிலிருந்து டம்ளருக்கும், டம்ளரிலிருந்து டபராவுக்கும் இழுத்து ஊற்றுகிறார். ஒவ்வொரு ஊற்றலுக்கும் ஒன்றரை, இரண்டு டிகிரி இறங்குகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 550 கலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகும். 130 மில்லி காபியை ஒரு டிகிரி தணிக்க 130 கலோரி போதும். அப்படியானால் ஒரு கிராம் ஆவி போனாலே காபி 4 டிகிரி தணியும். 74-லிருந்து 64-க்கு வர இரண்டரை கிராம், அதாவது அரை டீஸ்பூன் தண்ணீர் ஆவியானால் போதும். காற்று நேரடியாக வாங்கிக்கொள்ளும் வெப்பமும் கொஞ்சம் உண்டு. ஆனால் இந்தச் சூட்டில் அது ஆவி கொண்டுபோவதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும்.

ஆவி போக வேண்டுமானால் காபிக்குப் பரப்பு வேண்டும். 7 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரில் காற்றுப்படும் பரப்பு 38 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள டபராவில் அது இரண்டு மடங்குக்கு மேல். விழும் தாரையும் சுற்றிலும் காற்றில் படுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. டம்ளரில் சும்மா நிற்கும் காபியின் மேல் அதன் ஆவியே ஒரு படலமாகத் தங்கி, அடுத்த ஆவி வெளியேற விடாமல் தடுக்கிறது. ஊற்றும்போது அந்தப் படலம் கலைகிறது. அடியில் இருந்த சூடான காபியும் மேலே வருகிறது. டம்ளரிலேயே விட்டால் பல நிமிடம் பிடிக்கிற வேலை ஆற்றினால் அரை நிமிடத்தில் முடிவது இதனால்தான்.

இந்த வேகமும் கடைசிவரை ஒரே மாதிரி இருப்பதில்லை. 80 டிகிரியில் நீருக்கு இருக்கும் ஆவியழுத்தம் 60 டிகிரியில் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. அதனால் நாக்கைச் சுடும் நிலையிலிருந்து காபி சீக்கிரம் இறங்கி, குடிக்கிற சூட்டுக்கு வந்தபின் நிதானமாகத் தணிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று 2016-இல் வகைப்படுத்தியது. மாஸ்டர் 70-ஐ ஒட்டிக் கொடுக்கிறார். மீதியை வாங்கிக்கொள்பவர் டபராவில் ஊற்றித் தானே பார்த்துக்கொள்கிறார்.

அப்படியானால் கையை அவ்வளவு தூக்கி இழுப்பது எதற்கு? காபி ஆறுவதற்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் காபி காற்றில் இருப்பது மூன்றில் ஒரு நொடிதான். அந்த நேரத்தில் அது பெரிதாக ஆறிவிடாது. மாஸ்டரிடம் கேட்டதற்குச் செய்தே காட்டினார். முதலில் டம்ளரும் டபராவும் முத்தமிடுவதுபோல வைத்து மெதுவாக ஊற்றினார். காபி சத்தமில்லாமல் சரிந்து இறங்கியது. ஓரத்தில் நாலைந்து குமிழி, அவ்வளவுதான். பிறகு அதே காபியை டம்ளரை மேலே ஏற்றிக்கொண்டே, டபராவைக் கீழே இறக்கிக்கொண்டே ஊற்றினார். மேலே பெருவிரல் கனத்தில் கிளம்பிய தாரை கீழே பென்சில் கனத்துக்கு மெலிந்து, சளசளவென்ற சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. டபரா நிறைய நுரை.

உயரத்தின் வேலை தாரைக்கு வேகம் கொடுப்பது. 5 சென்டிமீட்டர் விழுந்தால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம்தான் வரும். அதற்குக் கீழே காபி காற்றை இழுத்துக்கொண்டு போவதே அரிது. 60 சென்டிமீட்டரில் வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டர். அந்த வேகத்தில் விழும் தாரை மேற்பரப்பைக் குழித்துக்கொண்டு இறங்கும்போது சுற்றியிருக்கும் காற்றையும் உள்ளே இழுத்துப்போகிறது. உள்ளே அந்தக் காற்று சிதறிக் குமிழிகளாகிறது. அடுத்த ஊற்றலில் பெரிய குமிழிகள் உடைந்து சிறியதாகின்றன. முதல் நுரை சோப்பு நுரைபோலக் கண்ணுக்குத் தெரியும் குமிழிகளாக இருந்தது. மூன்றாவது ஊற்றலுக்குப் பிறகு குமிழி தனியாகத் தெரியாத அளவுக்கு நெருங்கி, வெளிர் பழுப்பாகப் படிந்தது.

உயரத்துக்கும் எல்லை உண்டு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறாது. மெலிந்த தாரை வழியிலேயே முத்து முத்தாக உடையும். துளிகள் டபராவுக்கு வெளியே தெறிக்கும். ‘மீட்டர் காபி’ பார்க்க நன்றாக இருக்கும், நுரையில் அதனால் பெரிய லாபம் கிடையாது. மாஸ்டர் கடைசி ஊற்றலை மட்டும் தாழ்த்தியே ஊற்றுகிறார். அது நுரை உண்டாக்க அல்ல, உண்டான நுரை உடையாமல் டம்ளரில் ஏறுவதற்காக.

குமிழி நிற்பது பாலினால். பாலில் உள்ள கேசீனும் மோர்ப் புரதங்களும் குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்து அதை உடையாமல் தாங்குகின்றன. பால் சேராத கறுப்புக் காபியை ஆற்றினாலும் நுரை வரும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். “நுரை பொசுக்குனு அடங்கிச்சுன்னா பாலைப் பாக்கணும் சார்” என்றார் மாஸ்டர். “ஒண்ணு தண்ணி ஜாஸ்தி, இல்லேன்னா பழைய பால்.” தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவு. பழைய பாலில் கொழுப்பு சிதைந்து, அதிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலங்கள் குமிழியின் தோலில் புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பலவீனமாக்குகின்றன. பாலில் ஏடு சேர்ந்தால் அவர் அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டே மொண்டுகொள்கிறார். ஏட்டில் உள்ள கொழுப்பும் நுரைக்கு ஆகாது.

இங்கே ஒரு சுவாரசியமான திருப்பம் இருக்கிறது. ஆற்றியதில் உண்டான நுரையே பிறகு காபியை ஆறவிடாமல் காக்கிறது. குமிழிகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. காபியின் மேற்பரப்பை நுரை மூடிவிடுவதால் ஆவியும் தாராளமாக வெளியேற முடியாது. நுரை நின்ற டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேப்பரில் ஒரு பக்கம் படித்து முடிக்கலாம், காபி அப்போதும் சூடாக இருக்கும்.

அதற்காக ஆற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஆவியோடு காபியின் வாசனைப் பொருட்களும் பறக்கின்றன. பக்கத்தில் நிற்பவர்களுக்கு மூக்கைத் துளைக்கும் அந்த மணம் டம்ளரிலிருந்து கழிந்துபோனதுதான். ஏழெட்டு தடவை இழுத்த காபியில் சூடும் இருக்காது, மணமும் மங்கிவிடும்.

இதையெல்லாம் கணக்குப் போடாமலேயே மாஸ்டர் கைக்கணக்காக வைத்திருக்கிறார். அடுத்தடுத்து மூன்று ஆர்டர் வந்தது. ஒருவர் முழு காபி கேட்டார். வழக்கம்போல இழுத்து ஆற்றிக் கொடுத்தார். அடுத்து இரண்டு நண்பர்கள் ‘ஒன் பை டூ’ கேட்டார்கள். அதை ஒரே ஒரு தடவை ஊற்றியதோடு நிறுத்திவிட்டார். பாதிக் காபி 65 மில்லிதான், ஆனால் டம்ளரும் டபராவும் அதே எடை. அதனால் உலோகம் எடுத்துக்கொள்ளும் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. 82-இல் தொடங்கும் காபி டம்ளரில் 75-க்கும், டபராவில் 68-க்கும் வந்துவிடும். முழு காபி பல தடவை இழுத்து வந்து சேரும் இடத்துக்கு, பாதிக் காபி ஒரே ஊற்றலில் வந்துவிடுகிறது. மூன்றாவதாக வந்தவர் பிளாஸ்க்கை நீட்டினார். அதில் டபராவைத் தொடாமலேயே நேராக ஊற்றி மூடியைத் திருகினார். “வீட்டுக்குப் போய் ஆத்திக்கட்டும் சார். இங்கேயே ஆத்திட்டா அங்க என்ன மிஞ்சும்?” என்று சொல்லிக்கொண்டே அடுத்த டம்ளரை இழுத்தார்.