ஆறிய சோற்றின் கணக்கு

சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகும் என் அத்தைக்குச் சர்க்கரை நோய். பழைய சோறு சர்க்கரையை ஏற்றாது என்று யாரோ சொன்னதிலிருந்து தூக்குச்சட்டியில் ஓர் அகப்பை கூடுதலாக வைத்துக்கொள்கிறார்.

சொன்னது முழுப்பொய்யல்ல. வேகும்போது குலைந்த மாவுச்சத்தின் அமைலோஸ் இழைகள் ஆறுகையில் மீண்டும் நெருங்கி இறுகுகின்றன. அந்த இறுக்கத்தைச் சிறுகுடல் நொதிகளால் எளிதில் பிரிக்க இயலாது. மறுபடி சூடாக்கினாலும் அது பெரும்பாலும் நிலைக்கிறது. இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015இல் அளந்தபோது 100 கிராம் புதுச்சோற்றில் செரிக்காத மாவு 0.64 கிராம், அறை வெப்பத்தில் பத்து மணி நேரம் ஆறியதில் 1.30, குளிர்பெட்டியில் ஒரு நாள் இருந்து சூடாக்கியதில் 1.65.

அதாவது கூடுவது ஒரு கிராம். அத்தையின் கூடுதல் அகப்பை 100 கிராம் என்றால் அதில் மட்டும் ஏறத்தாழ 28 கிராம் மாவு! ஆயினும் அந்தக் குளிர்பெட்டிச் சோற்றை உண்ட பதினைந்து நலமானவர்களிடம் சர்க்கரை ஏற்றம் சுமார் 18 சதவீதம் குறைந்தது. மிச்ச மாவும் மெதுவாகச் செரிப்பது காரணமாகலாம். ஆனால் உண்ணக் கொடுத்துச் சோதித்தது, நீரூற்றிய நம் பானைச் சோற்றை அல்ல.

போலந்தில் 2022இல் முதல் வகை நீரிழிவாளர் 32 பேரிடம் இதே முறையில் ஆறவைத்த சோற்றால் உச்சம் தணிந்தது. கூடவே தாழ்சர்க்கரையும் அடிக்கடி நேர்ந்தது. இன்சுலின் போடுவோர் இதை மறக்கலாகாது. நம் வெயிலில் மூடிவைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் நச்சு, சூடாக்கினாலும் போகாது.

அத்தையிடம் சொன்னேன்: அதே அளவுச் சோறு, அதே குழம்பு, ஒரு நாள் புதிது, ஒரு நாள் ஆறியது, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்ப்போம்.