கை தளரும் நிமிடம்

நெய்யாற்றின்கரை எல்லையில் அதியன்னூர்ப் பக்கம் தமிழில் குடிமைப் பணி முதன்மைத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது பாடம் அல்ல, ஒரு கடிகாரம். முதல் மூன்று பொது அறிவுத் தாள்கள் ஒவ்வொன்றிலும் 3 மணி நேரம், 20 கேள்விகள். 10 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண் கேள்விக்கு 11 நிமிடம் என்று பிரித்தால் 180 நிமிடமும் சரியாகத் தீர்ந்துவிடும். பிற்பகலில் இன்னொரு தாளும் இருக்கிறது.

முதல் வேலை, கை எந்த நிமிடத்தில் தளர்கிறது என்று கண்டுபிடிப்பது. நன்றாகத் தெரிந்த விடைகளையே எழுத வேண்டும். யோசித்து எழுதினால் மூளையின் தாமதம் கையின் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓரத்தில் கோடு போட்டு, பிறகு வரிகளை எண்ண வேண்டும். வரி குறைவதற்கு முன்பே எழுத்து காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் விடுபடும், 'ெ'யும் 'ே'யும் ஒன்றாகும், வரி கீழே சாயும்.

ஒரு மாணவி தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு 14 வரி எழுதினாள். ஐம்பதாவது நிமிடத்துக்குப் பிறகு அது 8 ஆனது. அப்படியே போனால் 3 மணி நேரத்தில் 348 வரி. தொடக்கத்திலிருந்தே 12 வரியில் நிறுத்தினால் 432. முதல் மணி நேரத்தின் அவசரம் 84 வரிகளைத் தின்றுவிடுகிறது.

அவள் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டன. அந்த அழுத்தம்தான் கட்டைவிரலின் அடித்தசையைச் சோர வைக்கிறது. அழுத்தாமலே மை இறங்கும் கறுப்புப் பேனாவுக்கு மாறினாள். விரல்களை மட்டும் அசைக்காமல், முன்கையை மேசையில் சாய்த்து அதையும் சேர்த்து நகர்த்தப் பழகினாள். பிறகு ஐம்பது நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினோம். 12 வரி குறையாமல் நின்றால்தான் அடுத்த பத்து. இல்லாவிட்டால் அதே நேரத்தில் இன்னொரு வாரம். நீண்ட பயிற்சிக்கு மறுநாள் கைக்கு ஓய்வு. முழுத் தாள் கைவந்த பிறகுதான் ஒரே நாளில் இரண்டு தாள்.

இந்தக் கணக்கில் ஐம்பதிலிருந்து 180-க்குப் போகவே 13 வாரம் வேண்டும். ஆகவே முதல்நிலைத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுதி முடித்ததும் வரும் அசதி இயல்பு. வலி மறுநாளும் நீடித்தாலோ, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அதைத் தாங்கிக்கொண்டு எழுதுவதால் வேகம் கூடாது.