பரவாயில்லை என்னும் சொல்

நுழையும்முன்

வலியை அளக்கும் கருவி எதுவும் மருத்துவமனையில் இல்லை. நோயாளி சொல்வதே அதன் அளவு. அச்சொல் ஒரு செவிலியரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறும்போது சிதைந்தால் நோயாளி துன்புறுவார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து செருமனிக்குப் பணியாற்றச் சென்ற செவிலியர் ஒருவர், அச்சொல்லைச் சிதையாமல் கைமாற்றக் கற்றுக்கொண்டதைக் கூறுகிறது இக்கட்டுரை.

பந்தலின் கீழ்

சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் வரையிலான சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் விரிந்து கிடக்கின்றன. பன்னீர் திராட்சைக் கொடிகள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே படர்ந்திருக்கும். கவாத்து செய்வது, கொடியைக் கட்டுவது, குலையை அறுப்பது ஆகிய எல்லா வேலைகளுக்கும் கையைத் தலைக்கு மேல் தூக்கியே ஆக வேண்டும். அந்தப் பந்தல்களின் கீழ் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் அச்செவிலியரின் அப்பத்தா. மாலையில் வீடு திரும்பியதும் தோளைப் பிடித்துக்கொண்டு, “குடையுது” என்பார். சில நாள்களில் “கடுகடுன்னு இருக்கு” என்பார். மழைக்காலத்தில் “இழுக்குது” என்பார். தைலம் தேய்த்து விடட்டுமா என்று பேத்தி கேட்டால் மட்டும் விடை மாறிவிடும். “பரவாயில்ல, போ” என்பார்.

பேத்தி செவிலியர் பட்டம் பெற்றார். தேனியில் வேலை பார்த்துக்கொண்டே செருமானிய மொழி பயின்றார். அந்நாட்டில் முழுத் தகுதியுடைய செவிலியராக ஏற்கப்பட வேண்டுமெனில், ஐரோப்பிய மொழித்தேர்ச்சியின் ஆறு நிலைகளில் பொதுவாக நான்காவதான பி2 நிலையை எட்ட வேண்டும். பகலில் பணி, இரவில் இலக்கணம் என்று நாள்கள் கழிந்தன.

எனக்கு வலிக்கிறது

வலியைப் பற்றிப் பேசும் பாடம் வந்தபோது அவருக்கு வியப்பு ஏற்பட்டது. ‘எனக்கு முதுகு வலிக்கிறது’ என்பதைச் செருமானியர், ‘மிர் டூட் டெர் ரூக்கன் வே’ என்கின்றனர். ‘மிர்’ என்றால் எனக்கு. ‘ரூக்கன்’ என்றால் முதுகு. தமிழில் போலவே அங்கும் வலிப்பவர் நான்காம் வேற்றுமையின் பொருளில் நிற்கிறார். உடலின் உறுப்பே எழுவாயாகிறது. வலியை நாம் செய்வதில்லை, அது நமக்கு நேர்கிறது என்னும் பார்வை இரு மொழிகளிலும் ஒன்றாக இருந்தது.

வலியின் வகைகளுக்கும் இணைச்சொற்கள் கிடைத்தன. ‘ஷ்டெஹெண்ட்’ என்பது குத்தல். ‘ப்ரென்னெண்ட்’ என்பது எரிச்சல். ‘ட்ஸீஹெண்ட்’ என்பது அப்பத்தாவின் இழுப்பேதான். இவை வெறும் வருணனைகள் அல்ல. எரிச்சலோடும் மின்னல் வெட்டுவது போலவும் வரும் வலி, நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதைக் குறிக்கலாம். வயிற்றில் விட்டுவிட்டுப் பிசையும் வலி, குடலோ சிறுநீர்க்குழாயோ சுருங்கி விரிவதால் வரலாம். மருத்துவர் எந்த மருந்தைத் தேர்வார் என்பதற்கும் இச்சொல் வழிகாட்டுகிறது. கனடா நாட்டின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலிக்குப் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தி, 1975ஆம் ஆண்டில் ஒரு வினாநிரலாகவே வெளியிட்டார். ஆகவே நோயாளி கூறும் சொல்லை, அதே சொல்லாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

வலியின் கடுமையைக் குறிக்க எண் ஒன்று கேட்கப்படும். வலியே இல்லை என்றால் 0. எண்ணிப் பார்க்கக்கூடிய மிகக் கடும் வலி என்றால் 10. இந்த அளவுகோலைத் தேனியிலேயே அவர் அறிந்திருந்தார். சொற்களும் எண்ணும் கைவந்துவிட்டதால் இனி அச்சமில்லை என்று எண்ணியே விமானம் ஏறினார்.

முதல் பிழை

செருமனியில் அவர் சேர்ந்தது ஓர் எலும்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு. இடுப்பு மூட்டு மாற்றப்பட்டு இரண்டு நாள்களே ஆன 78 வயது முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். காலையில் அவரிடம் சென்று வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார் செவிலியர். முதியவர் அசையாமல் படுத்தவாறே, “எஸ் கேட் ஷோன்” என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அது போகிறது’ என்பதே அதன் பொருள். வலி போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டார் செவிலியர்.

நண்பகல் கடந்து பணிமாற்ற நேரம் வந்தது. காலைப் பணியினர் நோயாளிகளைப் பற்றிய செய்திகளைப் பிற்பகல் பணியினரிடம் ஒப்படைக்கும் இந்நிகழ்வை அங்கே ‘ஊபர்காபெ’ என்பர். கையளித்தல் என்பது பொருள். ஒரு நோயாளிக்கு இரண்டொரு நிமிடங்களே கிடைக்கும். செவிலியர், “இவருக்கு வலி குறைவு” என்று சொல்லி அடுத்த நோயாளிக்குச் சென்றுவிட்டார்.

பிற்பகலில் இயன்முறை மருத்துவர் முதியவரை எழுப்பி நிற்கவைக்க முயன்றார். பாதம் தரையில் பட்டதும் முதியவரின் முகம் வெளிறியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. எண் கேட்டபோது 7 என்றார். அன்றைய நடைப்பயிற்சி நின்றுபோனது. அறுவைக்குப் பின் நோயாளி அசையாமல் கிடந்தால் காலின் சிரைகளில் குருதி உறையலாம். ஆழ்ந்து மூச்சு விடாததால் நுரையீரலில் சளி தேங்கித் தொற்று உண்டாகலாம். வலியைத் தணிப்பது நோயாளியின் வசதிக்காக மட்டுமன்று. அவர் எழுந்து நடப்பதற்காகவும்தான்.

மூத்த செவிலியர் ஒருவர் கடிந்துகொள்ளாமல் விளக்கினார். “எஸ் கேட் ஷோன் என்றால் வலி இல்லை என்று பொருளில்லை. தாங்கிக்கொள்கிறேன், உங்களுக்குத் தொல்லை தர விரும்பவில்லை என்று பொருள்.”

கேட்ட கணத்தில் அவர் கண்முன் நின்றவர் அப்பத்தா. இந்தச் சொல்லைத் தாம் பிறந்தது முதல் கேட்டு வந்திருப்பதை அவர் உணர்ந்தார். அது ‘பரவாயில்ல’ என்னும் சொல்தான்.

இரண்டு எண்கள்

அன்று முதல் அவர் கேட்கும் முறை மாறியது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் பணிவான விடையே கிடைக்கும். எனவே இரண்டு எண்களைக் கேட்கத் தொடங்கினார்: அசையாமல் இருக்கும்போது எத்தனை? அசையும்போது, இருமும்போது, எழும்போது எத்தனை? அங்குள்ள பல பிரிவுகளில் ஓய்வில் 3ஐயும் அசைவில் 5ஐயும் தாண்டினால் வலிநீக்கியைப் பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும் என்பது வழக்கம். முதியவருக்கு ஓய்வில் எண் 2ஆக இருந்திருக்கலாம். கேட்கப்படாத இரண்டாம் எண்ணில்தான் அவருடைய வலி இருந்தது.

மருந்து கொடுத்ததோடும் வேலை முடிவதில்லை. சிரை வழியே செலுத்தினால் ஏறத்தாழ 30 நிமிடங்கள் கழித்தும், மாத்திரையாகக் கொடுத்தால் 60 நிமிடங்கள் கழித்தும் மீண்டும் எண் கேட்க வேண்டும். முன்னும் பின்னும் எண் இருந்தால்தான் மருந்து வேலை செய்ததா என்பது தெரியும்.

எண் சொல்ல இயலாதவர்களும் உண்டு. மறதிநோய் முற்றியவரிடம் 0 முதல் 10 வரை என்று கேட்பதில் பயனில்லை. அவர்களுக்கு மூச்சு, முனகல், முகக்குறிப்பு, உடலசைவு, தேற்றினால் அமைதி அடைகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் செவிலியரே கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிடுவார். அதன் கூட்டுத்தொகையும் 10ஐத் தாண்டாது. ஆயினும் நோயாளி தாமே சொன்ன 6உம், செவிலியர் பார்த்துக் கணித்த 6உம் ஒன்றல்ல. எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்தே கையளிக்க வேண்டும்.

எண்கள் செய்யும் குறும்பு

கேட்பது சரியான பின்னும் கையளிப்பதில் இரண்டு இடர்கள் எஞ்சியிருந்தன. தமிழில் ஐம்பத்து நான்கு என்று பத்தை முதலில் சொல்கிறோம். செருமானியர் ‘நான்கும் ஐம்பதும்’ என்பர். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினால் நாடித்துடிப்பு 54 என்பது 45 ஆகிவிடும். முழு எண்ணையும் கேட்டு முடித்த பின்பே எழுத வேண்டும்; எழுதியதை உரக்கத் திரும்பச் சொல்லவும் வேண்டும்.

மணி சொல்வதிலும் ஒரு பொறி உண்டு. ‘ஹால்ப் ஆஹ்ட்’ என்பதற்கு ‘அரை எட்டு’ என்று பொருள். அது எட்டரை அன்று. எட்டை நோக்கிச் செல்லும் மணியின் பாதி, அதாவது ஏழரை. ஏழரைக்குத் தர வேண்டிய வலிநீக்கியை எட்டரைக்குத் தந்தால், நோயாளி ஒரு மணி நேரம் வீணாக வலி பொறுப்பார். ஆகவே அவர் எப்போதும் 19.30 மணி என்று 24 மணிக் கணக்கிலேயே சொல்லப் பழகினார்.

சரியாகக் கையளித்தல்

இரண்டு நாள்களுக்குப் பின் அதே முதியவரைப் பற்றி அவர் மீண்டும் பேச வேண்டியிருந்தது. இப்போது நிலை, பின்னணி, மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியது என்னும் நான்கு படிகளை அவர் பின்பற்றினார். அமெரிக்கக் கடற்படையில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த இம்முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. அவர் கூறியதன் தமிழ் வடிவம் இது:

“சன்னலோரப் படுக்கையில் இருப்பவருக்கு எழும்போது வலி. 78 வயது, இடுப்பு மூட்டு மாற்றி நான்காம் நாள். 11.00 மணிக்கு ஓய்வில் 2, எழும்போது 6 என்று தெரிவித்தார். தொடையில் இழுப்பது போல இருப்பதாகச் சொன்னார். உடனே மாத்திரை கொடுத்தேன். 12.00 மணிக்கு எழும்போது 3 என்றார்; நடைக்கூடத்தின் இறுதிவரை நடந்தார். கட்டு உலர்ந்திருக்கிறது. மாலை நடைப்பயிற்சிக்கு முன் அசைவில் எண் கேளுங்கள். ‘எஸ் கேட் ஷோன்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம்.”

இதில் ‘தெரிவித்தார்’, ‘சொன்னார்’ என்பன நோயாளியின் கூற்று. ‘உலர்ந்திருக்கிறது’ என்பது செவிலியர் கண்டது. இவ்விரண்டும் கலவாமல் இருந்ததால், கேட்டவர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரத்தின் ஓய்வுநாளில் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, அப்பத்தா வழக்கம்போல், “பரவாயில்ல ஆத்தா” என்றார். பேத்தி அதோடு விடவில்லை.

“சும்மா இருக்கையில சரி. கொடியில கொத்தச் சீப்ப எடுக்கக் கையத் தூக்குனா எப்படி இருக்கு, அப்பத்தா?”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அப்பத்தா சொன்னார்: “கை மேல போயே ரெண்டு மாசமாச்சு. ஒன் சித்திதான் தலை வாரி விடுறா.”

மறுநாளே சித்தி அவரைத் தேனிக்கு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.