உம்மாவின் நேர்ச்சையும் என் கணக்குக் கொப்பியும்

நாகூருக்குப் போய் வந்த நாளிலிருந்து "ரீச்சர், எவ்வளவு முடிஞ்சது?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்குது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். சியாரத் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இந்தப் பதிவில் திறக்கவில்லை. அதைக் கதைக்க வேறு இடம் இருக்கு.

இது உம்மாவின் நேர்ச்சை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்களை வெளியேற்றியபோது புத்தளத்து முகாமில் இருந்துகொண்டு, திரும்ப எங்கட மண்ணுக்கு வந்தால் நாகூரில் போர்வை போர்த்துவேன், நாற்பது பேருக்குச் சோறு கொடுப்பேன் என்று நேர்ந்திருக்கிறா. மண்ணுக்கு வந்து எத்தனையோ வருசம் போய்விட்டது. நேர்ச்சை மட்டும் அப்படியே கிடந்தது. இப்போ உம்மாவுக்கு 72. முழங்கால் வருத்தம், பிரஷர். என் மாமியும் கூட வருவதாகச் சொன்னா. நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஆறு பேர்.

உம்மா கந்தூரிக்குத்தான் போகவேண்டும் என்று நின்றா. அங்கேதான் முதல் கணக்கு வந்தது. கந்தூரிக் கொடி ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையில் ஏறும், பதினான்கு நாள் நடக்கும். ஹிஜ்ரி வருசம் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால் 2024 இல் டிசம்பரில் வந்த கந்தூரி, 2025 இல் நவம்பர் கடைசிக்கும் 2026 இல் நவம்பர் நடுவுக்கும் போகிறது. அது வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் நேரம். 2024 ஓகஸ்ட்டில் மறுபடி தொடங்கிய காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் அந்த மழைக்காலத்தில் நின்று, 2025 பெப்ரவரி கடைசியில்தான் திரும்ப ஓடியது. போதாததற்கு நவம்பரில் எங்கட ஆட்களின் கையில் காசும் இராது. காலபோகம் விதைத்து, உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் கடன் வாங்கி நிற்கிற நேரம். கந்தூரிக் கூட்டத்தில் நாகூரில் அறை எடுப்பதும் லேசில்லை. "கந்தூரி இல்லாட்டி என்ன, நேர்ச்சை நேர்ச்சைதான்" என்று உம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் போனது. கடைசியில் 2025 ஏப்ரல் பாடசாலை விடுமுறைக்கு முடிவெடுத்தோம். நெல் விற்ற காசும் கையில் இருந்தது, கடலும் அமைதி.

விமானத்தையும் யோசித்தோம். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் சென்னையிலிருந்து நாகூருக்கு 300 கிலோமீற்றர் தரைவழி இருக்கு. முழங்கால் மடக்க ஏலாத ஆளை அவ்வளவு தூரம் வேனில் இருத்துவதைவிடக் கடலில் நாலு மணித்தியாலம் நல்லது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் பக்கத்தில்.

கப்பல் ரிக்கற்றும் விசாவும் எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த விசாவில் நாகப்பட்டினம் துறைமுகத்தால் உள்ளே போகலாமா என்பதை மட்டும் ரிக்கற் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சண்டை வந்தது இந்தக் காசில் இல்லை.

புத்தளத்தில் இருக்கும் நானா, உம்மாவின் பங்கைத் தான் தருவதாகச் சொன்னார். மொத்தச் செலவை ஆறால் பிரித்து ஒரு பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வயசானவங்களைக் கூட்டிப்போகும் செலவு தலைக்கணக்கில் பிரியாது. உம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் 1990 இலேயே போய்விட்டது. அதன் பிரதிக்கும் பாஸ்போட்டுக்கும் வவுனியாவுக்கு வேன் பிடித்து இரண்டு தரம் போனோம். அதை யார் பங்கில் போடுவது? இதைத் தொலைபேசியில் கதைக்கப்போய் இருவருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. உம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. "எனக்காகப் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறதெண்டா நான் போகல்ல" என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டா.

அன்று இரவு கொப்பியை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் எல்லாருக்கும் பொதுவான செலவு. மற்றப் பக்கம் மூத்தவங்களுக்காக மட்டும் கூடுகிற செலவு. வவுனியாப் பயணங்கள் 14,000. மடக்கக்கூடிய கொமட் கதிரை 6,500. மேல்மாடி அறையைவிடத் தரைத்தள அறைக்கு ஒரு இரவுக்கு 600 இந்திய ரூபாய் கூட. நாலு இரவுக்கு 2,400. நடக்கிற தூரத்துக்கும் ஓட்டோ பிடிக்க இன்னொரு 2,000. இந்திய ரூபாய்க்கு எங்கட மூன்றரை ரூபாய் என்று பார்த்தால் இந்த இரண்டும் 15,400. எல்லாம் சேர்த்து 35,900. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து நானாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அழைத்தார். "இந்த முப்பத்தாறாயிரத்துக்கா நாம கதைக்காம இருந்தம்?" பாதி அவர், பாதி நாங்கள் என்று முடிந்தது.

அறை எடுக்கும்போது "லிப்ட் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் முதலில் பேசிய இடத்தில் லிப்ட் இருந்தது, வேலை செய்யவில்லை. தரைத்தளமா, வாசலில் எத்தனை படி, கழிவறையில் கொமட் இருக்கா, இந்த மூன்றையும் கேட்டுப் படமும் அனுப்பச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் பத்து நாளுக்கான மருந்தையும் கைப்பையில் வைத்தோம், பெட்டியில் இல்லை. உம்மா காலையில் தண்ணிக் குளிசை போடுகிறவ. போட்டால் அடிக்கடி எழும்பவேண்டும். ஆடுகிற கப்பலில் அதுதான் பெரிய பயம். பயணத்துக்கு முன்னரே கிளினிக் டொக்டரிடம் கேட்டோம். அன்றைக்கு மட்டும் இறங்கிய பிறகு போடலாம் என்று அவ சொன்னா. வாந்திக் குளிசையையும் வயசானவங்களுக்குக் கேட்காமல் கொடுக்கவேண்டாம். சிலது ஆளை மயக்கிப் போடும், இறங்கும்போது தள்ளாடுவார்கள்.

இனி நேர்ச்சைக் காசு. வெளிக்கிடும் செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து காசு தந்தார்கள். எங்கட ஆட்கள் மட்டுமில்லை. பிள்ளைக்குச் சுகம் வரவேண்டும் என்று ஒரு சைவ அம்மாவும் தந்தா. மொத்தம் பன்னிரண்டு பேர். இது அமானிதம். எங்கள் செலவுக் காசோடு சேர்ந்தால் எது யாருடையது என்று தெரியாமல் போய்விடும். தனி உறை, உள்ளே பெயரும் தொகையும் எதற்காக என்பதும் எழுதிய தாள். எங்களுக்கு 3,000 இந்திய ரூபாய் இன்னொரு உறையில். போர்வை, பூ, சந்தனம், பாத்திஹாவுக்குச் சீனி, எல்லாம் அதற்குள்ளே. அந்தத் தெருவில் கால், கண், வீடு, படகு என்று உருவம் அடித்த தகடுகள் விற்கிறார்கள். உம்மா முழங்காலுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று எடுக்கத் தொடங்கினா. உறையைக் காட்டினேன். முழங்கால் தகட்டோடு நிறுத்திக்கொண்டா. சில்லறைத் தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். பெரிய தாளைக் கொடுத்துவிட்டு மிச்சம் கேட்க அந்த இடத்தில் யாருக்கும் வாய் வராது.

நாற்பது பேர் சோற்றை அங்கே கொடுக்கவில்லை. ஊருக்கு வந்து எங்கட நெல்லுக் குத்திய அரிசியில் சமைத்துக் கொடுத்தோம். இதை முடிவெடுத்தது நான் இல்லை, உம்மா. "திரும்பி வந்த மண்ணிலதானே கொடுக்கோணும்" என்றா.

முதல் நாள் பகலில் தர்ஹா முற்றத்து வெயிலில் மாமிக்குத் தலை சுற்றிவிட்டது. அதன் பிறகு சுபஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் மட்டும் வெளியே போனோம், பகல் முழுக்க அறையில். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தது நாலு நாள் எடுத்தது இதனால்தான். நாலு இரவு போடுங்கள் என்று என்னைக் கேட்கிறவர்களுக்குச் சொல்வதும் இதனால்தான்.

கப்பல் ஒரு நாள் பிந்தினால் என்று இரண்டு இரவுக் காசு ஒதுக்கி வைத்திருந்தோம். தொடவேண்டி வரவில்லை. நானாவுக்கு அவருடைய பாதியைத் திருப்பி அனுப்பினேன். வேண்டாம், மாமியின் கண் சத்திரசிகிச்சைக்கு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கொப்பி வீட்டில் இருக்கு. போக நினைக்கிறவர்கள் வந்து பார்க்கலாம்.