படித்தாலும் படிக்கிற மாதிரி தெரியக் கூடாது

போன மாசம் முருங்கைக்குப் பஞ்சகவ்யா தெளிக்கிறதைப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசி ஒரு வீடியோ போட்டேன். 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லின்னு சொல்ல வேண்டியதை, ஒரு லிட்டருக்கு 300 மில்லின்னு சொல்லிட்டேன். பத்து மடங்கு! நல்லவேளை, பக்கத்து ஊர் பங்காளி தெளிக்கிறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டார். அன்னைக்கே வீடியோவை அழிச்சுட்டேன்.

இனி அளவு தப்பக் கூடாதுன்னு, என் தங்கச்சி மகன் போனில் டெலிப்ராம்ப்டர் ஆப் போட்டுக் கொடுத்தான். எழுதி வைத்தது கேமரா ஓடும்போதே திரையில் மேலே நகரும். பார்த்துப் பேச வேண்டியதுதான். எடுத்ததைப் போட்டுப் பார்த்தவன், "மாமா, தாலுகா ஆபீஸ்ல மனு வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னு சிரித்தான்.

முதல் தப்பு என் எழுத்தில். "பத்து லிட்டர் நீரில் கலந்து தெளிக்க வேண்டும்"னு எழுதியிருந்தேன். தோட்டத்தில் யார் அப்படிப் பேசுறோம்? "பத்து லிட்டர் டேங்குக்கு முந்நூறு மில்லி ஊத்துங்க. பதினாறு லிட்டர் டேங்குன்னா நானூத்தி எண்பது"ன்னு, வாயில் வருகிற மாதிரியே மாத்தி எழுதினேன். எண்ணையும் எழுத்தால் எழுதினேன்; 480ன்னு இருந்தால் ஒரு நொடி தடுமாறுது. மூச்சு விடுற இடத்தில் ஒரு வரி காலியா விட்டேன்.

இரண்டாவது தப்பு கண்ணு. போனைக் கைக்கு எட்டுற தூரத்தில் வைத்தால் கருவிழி இடமும் வலமும் ஓடுறது அப்படியே தெரியுது. படுக்க வைத்தால் லென்ஸ் ஓரத்துக்குப் போயிடுது, பார்வையும் வேற பக்கம் போகுது. அதனால போனை நிமிர்த்தி, கண் உயரத்தில், அஞ்சடி தள்ளி ஸ்டாண்டில் வைத்தேன். எழுத்தைப் பெருசாக்கி, வரிக்கு மூணு நாலு வார்த்தை மட்டும், லென்ஸுக்கு நேர் கீழே வர்ற மாதிரி வைத்தேன்.

வேகத்துக்கு, முதலில் வாய்விட்டுப் படித்து நேரம் பார்த்தேன். ஒண்ணேகால் நிமிஷம் ஆச்சு. ஆப்பை அதைவிடக் கொஞ்சம் மெதுவா வைத்தேன். முந்தி ஓடினால் நாம துரத்த வேண்டியிருக்கும், அது முகத்தில் தெரிஞ்சுடும்.

அஞ்சடி தள்ளினால் காத்துச் சத்தம் பேச்சை முழுங்குது, சட்டையில் மாட்டுற மைக் வேணும். உச்சி வெயிலில் திரையே தெரியாது. காலையில் ஏழு மணிக்கு வேப்பமர நிழல்தான் சரி.

எடுத்ததும் சத்தத்தை நிறுத்திட்டு முகத்தை மட்டும் பாருங்க, கண்ணு ஓடுறது தெரியும். அப்புறம் போனைக் கவுத்து வைத்துக் குரலை மட்டும் கேளுங்க, மனு வாசிக்கிறோமான்னு தெரியும்.

மறுபடி எடுத்ததைப் பங்காளிக்குத்தான் முதலில் அனுப்பினேன். "இப்ப அளவு சரியாச் சொல்லியிருக்கப்பா"ன்னார். படித்ததை அவர் கண்டுபிடிக்கவே இல்லை.